காரணம் இல்லாத வேண்டாம்

என் அம்மாவுக்கு 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது. பேச்சில் குறை ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு நாயின் குணநலன்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசக்கூடியவர். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் நின்றுவிடும். அதற்குப் பதிலாக அவரிடம் வேறு சொற்கள் உண்டு. 'பாக்கலாம்' என்றால் வேண்டாம். 'யோசிச்சு சொல்றேன்' என்றால் கண்டிப்பாக வேண்டாம். 'வீட்ல கேட்டுட்டு சொல்றேன்' என்றால் இனி இந்தப் பக்கம் வராதே. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த அகராதி தெரியும் என்பதால் இதுவரை யாருக்கும் சேதமில்லை.

அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து இந்த வருடம்தான் ஓய்வு பெற்றார். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறை துவைக்க வேண்டிய துணிகளோடு வருவார். நான் கல்லூரியில் கடைசி வருடம், அதாவது வீட்டில் இருந்தும் இல்லாத பிராணி. ஓய்வு பெற்ற முதல் இரண்டு வாரங்கள் அம்மா அலமாரிகளை அடுக்கினார். மூன்றாவது வாரம் அடுக்கிய அலமாரிகளைக் கலைத்து மறுபடி அடுக்கினார். அதன் பிறகு என்னை அடுக்க ஆரம்பித்தார். நான் பயந்துபோய் அவரைக் காலையில் மைதானத்துக்கு நடக்க அனுப்பினேன்.

அங்கேதான் வாக்கிங் ஆன்ட்டி கிடைத்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் கப்பலில் வேலை, பிள்ளை விடுதியில். அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். இருவரும் சேர்ந்து நடக்க ஆரம்பித்த பிறகு அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இரவே செருப்பை வாசலில் எடுத்து வைப்பார். வீட்டுக்கு வந்ததும் 'அவ என்ன சொன்னா தெரியுமா' என்று ஆரம்பிப்பார். முப்பது வருடம் அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு, ஓய்வுக்குப் பின் மிஞ்சிய ஒரே சிநேகிதி அவர்தான். இதை நான் சொல்லவில்லை. அம்மாவே ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, யாரோ மூன்றாவது மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு காலை அம்மா நடந்துவிட்டு வந்து நேராக என் அறைக்கு வந்தார்.

"டேய், அவ ஏதோ மீட்டிங்னு சொல்றா."

"என்ன மீட்டிங்?"

"அது சொல்ல மாட்டேங்கிறா. வந்து பாருங்க அக்கா, வாழ்க்கையே மாறிடும்ங்கிறா."

"எந்தப் பக்கமா மாறும்னு கேட்டியா?"

"கேட்டேன். அதெல்லாம் நேர்ல சொன்னாதான் புரியுமாம்."

எனக்கு விளங்கிவிட்டது. இன்ன பொருள் விற்கிறேன் என்று முதலிலேயே சொல்லாத ஒரே வியாபாரம் இதுதான். காய்கறி விற்பவர்கூட காய்கறி என்று கூவித்தான் தெருவுக்குள் வருகிறார்.

"நீ என்ன சொன்ன?"

"பையன்கிட்ட கேட்டு சொல்றேன்னேன்."

அகராதிப்படி அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். ஆனால் ஆன்ட்டியிடம் வேறு அகராதி இருந்தது. அன்று மாலையே பையனைக் கேட்க வந்துவிட்டார். கையில் ஒரு பற்பசை. சும்மா, மாதிரிக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரி ஆண்டுமலரில் பேராசிரியர்களைக் கிண்டல் செய்து எழுதுபவன் நான். முதல்வர் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, 'இது என்னையா?' என்று கேட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட நான், வாசலில் பற்பசையோடு நின்ற ஆன்ட்டியிடம் சொன்னது இதுதான்: "அம்மா முடிவுதான் ஆன்ட்டி. அவங்க சரின்னா எனக்கும் சரி."

ஒரே குடும்பம், ஒரே ரத்தம். அம்மா என்னைக் காட்டினார், நான் அம்மாவைக் காட்டினேன். ஆன்ட்டி இரண்டையும் கூட்டி, இரண்டு பேரும் தயார் என்று கணக்கெழுதிக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் வட்டம் போட்டார். "இது நான்." அந்த வட்டத்துக்குக் கீழே இரண்டு கோடுகள், இரண்டு வட்டங்கள். "இது லெஃப்ட் லெக், இது ரைட் லெக். ரெண்டு காலுக்கு கீழயும் ஆள் சேரச் சேர பாயின்ட் ஏறும். ரெண்டு பக்கமும் பாயின்ட் சமமா இருந்தா ஒரு ஜோடி. ஜோடிக்குத்தான் பணம்."

"சமமா இல்லன்னா?"

"கம்மியா இருக்கிற காலுக்குத்தான் கணக்கு."

"உங்களுக்கு எப்படி இருக்கு ஆன்ட்டி?"

அவர் முகம் மலர்ந்தது. லெஃப்ட் லெக் ஓகோவென்று இருக்கிறதாம். அவருக்கு மேலே இருப்பவர், எல்லோரும் 'டைமண்ட் சார்' என்று அழைக்கும் பெரியவர், தான் சேர்க்கிற ஆட்களையெல்லாம் அந்தக் காலின் அடியில்தான் போடுகிறாராம். இவர் விரலைக்கூட அசைக்காமல் பாயின்ட் வந்து குவிகிறதாம்.

"ரைட் லெக்?"

"என் தங்கச்சிய போட்டேன்," என்றார். குரல் சற்று இறங்கியது. "அவ ரெண்டு மாசம் சாமான் வாங்கிட்டு நிறுத்திட்டா."

ஆக, லெஃப்டில் மலைபோலப் பாயின்ட். ரைட்டில் ஒரு தங்கச்சி, அவரும் செயலிழந்த நிலையில். கம்மியான காலுக்குத்தான் கணக்கு என்பதால் ஆன்ட்டிக்கு வரவேண்டிய தொகை பூஜ்யம். டைமண்ட் சார் எத்தனை பேரை இடப்பக்கம் கொட்டினாலும் பூஜ்யம் பூஜ்யமேதான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாதாமாதம் ஆன்ட்டி தன் சொந்த உபயோகத்துக்கென்று குறிப்பிட்ட அளவு சாமான் வாங்கியே ஆக வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் இடப்பக்க மலை அழிந்து தரைமட்டம். கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் கைக்கு எட்டாத மலையைக் காப்பாற்றுவதற்காக அவர் மாதாமாதம் புரதப் பொடியும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு மூடி திரவம் ஒரு வாளித் தண்ணீருக்குப் போதுமாம். வீட்டில் இருக்கிற திரவத்துக்கு அவர் ஒரு கல்யாண மண்டபத்தின் பாத்திரங்களைத் தேய்க்கலாம்.

"வெளியாள் யாராவது வாங்கறாங்களா ஆன்ட்டி? சேராம, சும்மா கடையில வாங்கற மாதிரி?"

"சேந்துட்டா தள்ளுபடி கிடைக்குமே. அப்புறம் எவன் வெளியில நின்னு வாங்குவான்?"

இதற்கு மேல் யாராலும் இந்த வியாபாரத்தை இவ்வளவு தெளிவாக விளக்க முடியாது. வாங்குபவர்கள் எல்லோரும் விற்பவர்கள். விற்பவர்கள் விற்பது சேரும் உரிமையை. பற்பசை வெறும் சாட்சி.

"ஞாயித்துக்கிழமை டைமண்ட் சாரே உங்க வீட்டுக்கு வர்றேன்னுட்டார்," என்றார் ஆன்ட்டி எழுந்துகொண்டே. "அக்காவுக்கு ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்குன்னு சொன்னேன். மொத்தமா சாமான் எடுத்து சேர்ற பெரிய பேக்கேஜா போடலாம்ங்கிறார். அப்பதான் என் ரைட் லெக் எந்திரிக்கும்."

அடுப்படியில் நின்ற அம்மா சொன்னார்: "பாக்கலாம்மா."

ஆன்ட்டி போன பிறகு நான் பற்பசையை எடுத்து அம்மா முன்னால் வைத்தேன்.

"வேண்டாம்னு சொல்லிடும்மா."

"எப்படிடா சொல்றது? அப்புறம் யாரு கூட நடப்பேன்?"

பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். சேர்ந்தால் பணம் போகும், சேராவிட்டால் சிநேகிதி போவாள் என்பதுதான் அம்மாவின் கணக்கு. ஆகவே சிநேகிதி போகாத விதத்தில் ஒரு வேண்டாம் தயாரிக்க வேண்டும். நான் பயிற்சி ஆரம்பித்தேன். நான் ஆன்ட்டி, அம்மா அம்மா.

"அக்கா, சேந்துடுங்களேன்."

"எனக்கு நேரமில்லம்மா," என்றார் அம்மா.

"ரிட்டயர் ஆனவங்களுக்கு நேரமில்லையா? வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போதும்க்கா."

"பணம் இல்ல."

"அதான் வந்திருக்கே. பணம் இல்லாததாலதான் இந்த வாய்ப்பே."

"வீட்டுக்காரரைக் கேக்கணும்."

"முதல்ல சம்பாதிச்சுக் காட்டுங்க. அப்புறம் சர்ப்ரைஸா சொல்லலாம்."

"எனக்கு அவ்வளவா ஆள் பழக்கம் இல்ல."

"என்னைத் தெரியுமே. எனக்குத் தெரிஞ்சவங்க உங்களுக்கும் தெரிஞ்சவங்கதானே."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப எவ்வளவு கட்டணும்?"

ஒத்திகையிலேயே என் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். இல்லாத நிறுவனம். இருந்தாலும் எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

"அம்மா, நீ எதுக்கு காரணம் சொல்ற?"

"காரணம் சொல்லாம எப்படி? மரியாதை இல்லையே."

"ஒவ்வொரு காரணத்துக்கும் அவங்ககிட்ட பதில் இருக்கு. அத மனப்பாடம் பண்ணித்தான் வர்றாங்க. நீ காரணம் குடுத்தா அவங்களுக்குப் பிடிச்சு ஏற கைப்பிடி குடுக்கிற மாதிரி."

அம்மா தலையாட்டினார். எனக்கு நம்பிக்கையில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வாதாடி முடிப்பது என்று தீர்மானித்தேன். கணக்கு என் பக்கம் இருந்தது. நையாண்டி என் பக்கம் இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு முட்டாளாக முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

டைமண்ட் சார் டை கட்டி வந்தார். சட்டைக் காலரில் ஒரு சின்ன ஊசி மின்னியது. சோபாவில் உட்காராமல் எங்கள் ஃபேனுக்கு நேர் கீழே நின்றார், அது மேடைபோல. ஆன்ட்டி பக்கத்தில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார், நூறாவது முறையாகக் கேட்பவர்போல் இல்லாமல், முதல் முறையாகக் கேட்பவர்போல.

முதலில் கனவு. "மேடம், உங்க கனவு என்ன?"

"நல்லா தூங்கணும்," என்றார் அம்மா.

அவர் அதைக் கார் என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். கார், கடற்கரை வீடு, கப்பல் பயணம். பிறகு வட்டங்கள், கால்கள், ஜோடிகள். பெரிய பேக்கேஜில் நுழைந்தால் பாயின்ட் எப்படி எகிறும் என்பது. கடைசியில், மருந்து விளம்பரத்தின் முடிவில் வருமே, அந்த வேகத்தில் ஒரு வரி: பிரிக்காத சாமானை முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், நிபந்தனைகளுக்குட்பட்டு.

நான் தொண்டையைக் கனைத்தேன்.

"சார், ஒருத்தர் ரெண்டு பேரை, அந்த ரெண்டு பேர் நாலு பேரைன்னு போனா, முப்பத்து மூணாவது வரிசையில உலக ஜனத்தொகை தாண்டிடும். அதுக்குக் கீழ யாரைச் சேப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ரொம்ப நாள் தேடிய பொருள் கிடைத்தவரின் புன்னகை.

"சூப்பர் கேள்வி தம்பி. அதுக்குத்தான் சீக்கிரம் சேரணும்ங்கிறேன்."

"அப்ப கடைசியா சேர்றவங்க?"

"நீங்க உணர்றது எனக்குப் புரியுது. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் உணர்ந்தேன். ஆனா உள்ள வந்து பாத்தப்ப என்ன கண்டேன் தெரியுமா?" ஆன்ட்டியின் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நோட் பண்ணுங்க. இப்படிக் கேள்வி கேக்கிற பசங்கதான் லீடர் ஆகறாங்க. தம்பிக்கு ஆர்வம் இருக்கு."

நான் மேலும் மூன்று கேள்விகள் கேட்டேன். ஒவ்வொன்றும் கத்திபோலக் கூர்மையானது என்பது என் எண்ணம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நான் இன்னும் கொஞ்சம் லீடர் ஆனேன். கடைசியில் என் கல்லூரியில் எத்தனை மாணவர்கள் என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். நானும் வகுப்புவாரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறரைக் கிண்டல் செய்து பழகியவனைக் கவிழ்ப்பது சுலபம். அவன் பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

"மேடம், பையன் தயார். நீங்க சொல்லுங்க. எந்த பேக்கேஜ்?"

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வேண்டாங்க."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். ஆன்ட்டியின் பேனா நின்றது.

"ஏன் மேடம்?"

"வேண்டாம்."

"நேரம் பத்தி யோசிக்கிறீங்களா?"

"இல்லீங்க. நேரம் நிறைய இருக்கு."

"பணமா?"

"பணமும் இருக்கு."

"அப்ப காரணம் என்ன?"

"காரணம் ஒண்ணும் இல்லீங்க. வேண்டாம், அவ்வளவுதான். பிஸ்கட் எடுத்துக்கோங்க."

டைமண்ட் சார் பிஸ்கட் எடுத்துக்கொண்டார். அவரிடம் எல்லாக் காரணங்களுக்கும் பதில் இருந்தது. காரணம் இல்லாததற்குப் பதில் இல்லை. எங்கேயாவது பிடித்து ஏறலாமா என்று சுவரைத் தடவிப் பார்த்தார். சுவர் வழவழவென்று இருந்தது.

"சரி, சேர வேண்டாம். கஸ்டமரா இருங்க. மாசம் ஒரு பேஸ்ட், ஒரு சோப்பு."

"கடையில வாங்கிக்கிறேங்க. பேஸ்ட் நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுவும் வேண்டாமா. பரவாயில்ல. உங்களுக்குத் தெரிஞ்ச மூணு பேர் பேர் மட்டும் குடுங்க. நாங்க பேசிக்கிறோம்."

இதுதான் ஆபத்தான இடம். ஒருவர் பெயரைக் கொடுத்துத் தப்புவதில் அம்மா கெட்டிக்காரர்; என்னைக் கேட்டால் தெரியும். அவர் தங்கை, அதாவது என் சித்தியின் பெயர் உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். உதடு முதல் எழுத்தின் வடிவத்துக்குக்கூடப் போய்விட்டது. பிறகு மூடிக்கொண்டது.

"அதுவும் வேண்டாங்க. அவங்களுக்கு வேணும்னா அவங்களே கேப்பாங்க."

டைமண்ட் சார் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். புன்னகை அப்படியே இருந்தது, உள்ளே ஆள் மட்டும் போய்விட்டார். ஆன்ட்டியிடம் திரும்பி, எங்கள் முன்னாலேயே, தணிந்த குரலில் சொன்னார்.

"சிஸ்டர், உங்க ரைட் லெக் எட்டு மாசமா எந்திரிக்கல. ஏன்னு இப்ப புரியுது. நெகட்டிவ் மைன்டோட தினம் காலையில ஒரு மணி நேரம் நடந்தா உங்களுக்கும் அதேதான் ஒட்டும். சக்ஸஸ் வேணும்னா சேர்க்கையை மாத்துங்க. நாளையிலேர்ந்து இவங்களோட நடக்கிறத நிறுத்துங்க."

ஆன்ட்டி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். எது போய்விடக் கூடாது என்று அம்மா இந்த ஒரு வாரமும் பயந்தாரோ, அதையே அந்த ஆள் கையில் எடுத்து ஆட்டிக் காட்டிவிட்டார். இப்போது 'யோசிச்சு சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது திரும்பக் கிடைக்கும். நானே எடுத்துக் கொடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"நான் நாளைக்கும் வழக்கம்போல வருவேன்மா," என்றார் அம்மா, ஆன்ட்டியைப் பார்த்து. "நடக்கிறது வேற, இது வேற. இது வேண்டாம். நீ வந்தா சேர்ந்து நடப்போம். வரலன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஆன்ட்டி பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார். வாசல்வரை சென்று அம்மா வழியனுப்பினார், கேட் கொக்கி போடும் முறையைக்கூட டைமண்ட் சாருக்குச் சொல்லிக்கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"எப்படிம்மா காரணமே சொல்லாம நின்ன?" என்றேன்.

"நீ பேசினதப் பாத்தேன்," என்றார் அம்மா. "வாயத் திறந்தா என்ன ஆகும்னு புரிஞ்சுது."

அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. காலையில் கிளம்பும்போது என்னையும் வரச்சொன்னார். துணைக்கு இல்லை, நீ குண்டாகிக்கொண்டே போகிறாய் என்றார். நானும் நம்பினேன்.

மைதானத்தைச் சுற்றி நடைபாதை வட்டமாகப் போகிறது. நாங்கள் போனபோது ஆன்ட்டி ஏற்கெனவே வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார், பிறகு சட்டென்று திரும்பி எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார். அந்த மைதானத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள். அவர் மட்டும் கூட்டத்துக்கு எதிராக, ஆட்களை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

அம்மா வழக்கமான பக்கமே நடந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. பாதிச் சுற்றில் ஆன்ட்டி எதிரே வந்தார். தாண்டும்போது, முகத்தை நேராக வைத்துக்கொண்டே சொன்னார்:

"கூட நடக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காரு அக்கா."

போய்விட்டார். அம்மா நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு வேகத்தைக் கூட்டினார். அவ்வளவு வேகமாக அம்மா நடந்து நான் பார்த்ததில்லை. மீண்டும் எதிரே வந்தபோது, "அதுனால எதிர்ல நடக்கிறியா?" என்றார்.

"எதிர்ல நடக்கிறதப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல," என்றது கடந்துபோன குரல்.

ஒரு வட்டத்தில் எதிரெதிரே நடக்கிறவர்கள் சுற்றுக்கு இரண்டு தடவை சந்தித்தே தீர வேண்டும். சந்திப்புக்கு ஒரு வாக்கியம், அதிகபட்சம் இரண்டு. ஆன்ட்டியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது ஒரு சந்திப்பில் வந்தது. எத்தனை டிகிரி என்பது அடுத்ததில். கணவர் போன் செய்தார் என்பது ஒன்றில். என்ன சொன்னார் என்று அறிய அம்மா மூச்சிரைக்கப் பாதி மைதானம் ஓடினார். இந்தக் கதைகளுக்காக இரண்டு பேரும் இவ்வளவு நாளும் மெதுவாக நடந்து நேரத்தை வீணாக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் மூன்றாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பெஞ்சருகே அவர்கள் மறுபடி எதிர்ப்பட்டார்கள்.

"இந்த மாசம் எடுத்த பொடி டப்பா எல்லாம் பிரிக்கவே இல்ல அக்கா. ரெண்டு எடுத்துக்கிறீங்களா?"

"வேண்டாம்மா," என்றார் அம்மா, நடையை நிறுத்தாமல். அந்தச் சொல் இப்போது தடையில்லாமல் வந்தது. "முப்பது நாள் ஆகல இல்ல? திருப்பிக் குடுத்துடு."

ஆன்ட்டி பதில் சொல்வதற்குள் தாண்டிப் போயிருந்தார். அம்மா அடுத்த அரைச் சுற்றை அவசரமில்லாமல் நடந்தார். பதில் எப்படியும் எதிரே வந்தாக வேண்டும். வந்தது.

"திருப்பிக் குடுத்தா டைமண்ட் சாருக்குப் போன கமிஷனையும் பிடிச்சுக்குவாங்களாம் அக்கா. கோவிச்சுக்குவார். அவர்கிட்ட என்ன காரணம் சொல்றது?"